மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் தானாக விடுதலையா?

"புதுச் சட்டப்படி, தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துட்டா விசாரணைக் கைதி தானா விடுதலையாம்!"

பாதிதான் சரி. அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 479ஆம் பிரிவு. கிடைப்பது விடுதலை அல்ல, பிணைப் பத்திரத்தின் பேரில் வெளியே வருவது, வழக்கு தொடரும்.

சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. முன்பு தண்டனை பெறாதவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கான 12 மாதம், மற்றவருக்குப் பாதியான 18 மாதம் என்பது கணக்கு. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. பலர் சிக்குவது இங்கேதான். கைதியே வழக்கை இழுத்தடித்த காலமும் இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம், 'தானாக' எதுவும் நடக்காது. சிறைக் கண்காணிப்பாளர் நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் விண்ணப்பித்தாரா என்று குடும்பத்தார் கேட்டுப் பார்க்கலாம்.