சிறார் மீதான பாலியல் குற்றத்தை நிரூபித்த பிறகுதான் நர்ஸ் தகவல் சொல்லணுமா?

“வெறும் சந்தேகத்துல நர்ஸ் போலீசுக்குச் சொல்லி, அதை நிரூபிக்க முடியலன்னா நம்ம மேலயே கேஸ் வரும், டாக்டர் பாத்துக்கட்டும்.”

தவறு. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது, சொல்லாமல் விட்டால்தான் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ.

பென்னாகரம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 5 மாதக் கர்ப்பிணியை மாமியார் கூட்டி வருகிறார் என்று வையுங்கள். வயது 19 என்கிறார், ஆதாரில் 16, அதாவது இன்னும் சிறுமி. கேஸ் ஷீட்டில் ‘கொடுமை’ என்று நம் முடிவை எழுத வேண்டாம். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதை அவரவர் வார்த்தையிலேயே, ஆதாரில் உள்ள பிறந்த தேதியோடு எழுதுங்கள். பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள், துருவாதீர்கள். அப்புறம் டாக்டரிடம் சொன்னதோடு விடாமல் காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் தெரிவியுங்கள். அவளுக்கான சிகிச்சை அதுபாட்டுக்கு நடக்கட்டும்.