கேள்வி 3 தப்பில்லை

“போட்டோ இருக்கிற அட்டை ஒன்று போதும், பாடத்தில் மீனா மின் கட்டண ரசீதையும் எடுத்துப் போவது வீண், கேள்வி 3 தப்பு.”

மன்னிக்கவும், மீனா வங்கிக் கணக்குத் தொடங்கப் போகும் இந்தப் பாடத்தில் அது வீண் இல்லை. அட்டை சொல்வது மீனா யார் என்பதை, ரசீது சொல்வது அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை. இரண்டாம் பத்தியைத் திரும்பப் படியுங்கள்: போன மாதம்தான் வீடு மாறினார், அட்டையில் பழைய தெரு. படிவத்தின் முகவரிக் கட்டத்தில் புதுத் தெருவை எழுதிவிட்டு அந்த அட்டையை மட்டும் நீட்டினால் இரண்டும் ஒத்துப்போகாது, ஊழியர் திருப்பி அனுப்பக்கூடும். அதனால் “முகவரியைக் காட்டும் ஆவணம் எது?” என்ற மூன்றாம் கேள்விக்கு ரசீது என்பதுதான் விடை.

மேலே ஒருவர் “எனக்கு ஒரே அட்டையிலேயே முடிந்தது” என்று எழுதியிருக்கிறார், அதுவும் பாதி சரி. அட்டையில் இப்போதைய முகவரி இருந்தால் பல வங்கிகள் அதையே இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளும். ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் ஏற்கவில்லை என்று எழுதிய இன்னொருவரின் சிக்கல் வேறு, அது பெயர் சம்பந்தப்பட்டது, அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்பதை அவருடைய வங்கிதான் சொல்ல முடியும்.

நீங்களே பார்க்க வேண்டுமா? ஏதாவது ஒரு வங்கியின் கணக்குத் தொடங்கும் படிவத்தை எடுத்து ஆவணப் பட்டியலைப் பாருங்கள். அடையாளம், முகவரி இரண்டுக்கும் செல்லும் என்று சொல்லியிருக்கிற ஆவணம் ஒன்றே போதும், ஆனால் அதிலுள்ள முகவரியும் படிவத்தில் எழுதியதும் பொருந்த வேண்டும்.