தொண்ணூறு நிமிட வீடியோவை எங்கே வெட்டுவது?

நீள வீடியோவை எடுத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு வெட்டு போட்டு, 'பகுதி 1', 'பகுதி 2' என்று வரிசையாக ஏற்றிவிட்டு, இரண்டாவது பகுதிக்கு ஆளே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. வீடியோ மோசம் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் வீடியோ நன்றாகத்தான் இருக்கும். வெட்டிய இடம்தான் தப்பு.

கடிகாரத்தைப் பார்த்து வெட்டுவது தப்பு என்பது எல்லோருக்கும் புரியும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, அது பார்க்க நியாயமாகவே தெரியும்: ஒரு வேலை முடிந்ததும் வெட்டுவது. வேலை முடிந்தால் பார்ப்பவர் மனமும் நிறைந்துவிடுகிறது. நிம்மதியாகப் போனை மூடி வைத்துவிடுவார். நாளைக்குத் திரும்பி வர அவருக்கு என்ன அவசியம்?

ஒரு உதாரணத்தை முழுசாகவே பார்த்துவிடலாம். பல வருடமாக ஓடாமல் கிடந்த பழைய தையல் மெஷினைச் சரிசெய்யும் வீடியோ, மொத்தம் 92 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைவாரியாகப் பிரித்தால் திறந்து பார்ப்பது, சுத்தம் செய்வது, இறுகிய சக்கரத்தை விடுவிப்பது, தையலைச் சரிசெய்வது, பெயின்ட் அடிப்பது என்று ஐந்து துண்டு அழகாக வரும். அந்த ஐந்து துண்டுமே முடிவில் செத்துப்போகும். 'சுத்தம் பண்ணியாச்சு' என்று முடிகிற எபிசோடில் அடுத்து என்ன என்ற கேள்வியே இல்லை.

அதனால் டைம்லைனைத் தொடுவதற்கு முன், முழு வீடியோவையும் ஒருமுறை ஓடவிட்டு, கேள்வி பிறக்கிற நிமிடங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நம் மெஷினில் அவை இப்படி விழுகின்றன. 14:20-ல், எல்லாத் துளையிலும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகும் சக்கரம் அசையவில்லை. 31:05-ல், ஷட்டிலைக் கழற்றி உள்ளே சுற்றியிருந்த நூல் கொத்தை உருவியதும் சக்கரம் பாதி சுற்று வந்து 'டக்' என்று நிற்கிறது. 47:30-ல், உள்ளே கிடந்த ஒடிந்த ஊசி முனை வெளியே வந்து சக்கரம் முழுசாகச் சுற்றுகிறது, ஊசியும் ஏறி இறங்குகிறது, ஆனால் துணியைத் தள்ளும் பற்கள் அதை நகர்த்தவே இல்லை. 58:40-ல் முதல் தையல். மேலே பார்த்தால் நேர்கோடு. துணியைத் திருப்பினால் அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது.

இந்த நான்கும்தான் வெட்டு. ஐந்து எபிசோட். முதலாவது 14 நிமிடம், நான்காவது 11 நிமிடம்தான் வரும். வரட்டும். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று பார்ப்பவர் யாரும் கேட்கவில்லை. அது எடிட் செய்பவரின் மனக்கணக்கு.

ஒவ்வொரு வெட்டையும் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். கேள்வி திறப்பதற்குச் சற்று முன்னால் வேறொன்று மூடியிருக்கிறது. நூல் கொத்து வெளியே வந்தது, அது பதில். பாதியில் நின்றது, அது புதுக் கேள்வி. இந்த வரிசை மாறக் கூடாது. எதையும் மூடாமல் வெறும் கேள்வியோடு நிறுத்தினால், கால் மணி நேரம் உட்கார்ந்தவனுக்குக் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்த பகுதிக்கு ஆளை இழுக்கப் போடும் பொய்க் கொக்கியையும் சொல்லியாக வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது, 'ஐயோ' என்ற குரல், திரை கறுப்பு, தொடரும். அடுத்த பகுதியைத் திறந்தால் ஒரு கீறல்கூட இல்லை. இது ஒரு தடவை வேலை செய்யும். அதன் பிறகு உண்மையான சிக்கலில் நிறுத்தினாலும் நம்ப மாட்டார்கள். நல்ல முடிவுக்கு நான் வைக்கிற சோதனை எளிது: நிறுத்திய இடத்தில் பார்ப்பவரால் ஒரு ஊகமாவது சொல்ல முடிய வேண்டும். அடியில் நூல் சுருள்கிறதே, கோளாறு மேல் நூலிலா, கீழே பாபினிலா? முக்கால்வாசிப் பேர் பாபின் என்பார்கள். அடியில் சுருண்டால் பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல்தான். டென்ஷன் தகடுகளுக்கு நடுவே சரியாக உட்காராமல் தளர்ந்திருக்கும். கருத்துப் பகுதியில் இரண்டு கட்சி சண்டை போட்டுக்கொள்ளும், அந்த இரண்டு கட்சியும் விடை பார்க்க வரும்.

அந்த விடையை எப்போது கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடுத்த எபிசோடின் முதல் அரை நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் வந்தவர் அங்கேயே விடைபெறுவார். கடைசி வரை இழுத்தால் திட்டிக்கொண்டே ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். தொடக்கத்திலேயே தேடல் ஆரம்பித்துவிட்டது என்று தெரிய வேண்டும், விடை மூன்றில் ஒரு பங்கு வாக்கில் வர வேண்டும். பதினைந்து நிமிட எபிசோடுக்கு நான்காவது, ஐந்தாவது நிமிடம். மீதி நேரத்தை அடுத்த சிக்கல் பார்த்துக்கொள்ளும்.

இனி முன்கதைச் சுருக்கம். 'சென்ற பகுதியில் என்ன பார்த்தோம் என்றால்' என்று ஆரம்பித்து ஒன்றரை நிமிடம் ஓடுவது சுருக்கமே அல்ல, முந்தைய எபிசோடுக்கு எழுதிய வருகைப் பதிவேடு. முன்கதையைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். இந்த எபிசோடை முதலில் முடித்துவிட்டு, இதை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு எதெல்லாம் தெரியாவிட்டால் புரியாது என்று கேட்டுப் பார்த்தால் இரண்டு, மூன்று விஷயம்தான் தேறும். அவை மட்டும் போதும்.

நான்காவது எபிசோடையே எடுங்கள். துணி ஏன் நகரவில்லை என்பதுதான் அதன் கேள்வி. தையல் நீளத்தை மாற்றும் நெம்பு பூஜ்யத்தில் நின்றபடி, காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது விடை. இதற்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த கதை வேண்டாம். அசையாத சக்கரம் மூன்று விநாடி, வெளியே வரும் நூல் கொத்தும் ஊசி முனையும் ஆறு விநாடி, ஏறி இறங்கும் ஊசிக்குக் கீழே நகராத துணி நான்கு விநாடி. மேலே புதிதாகப் பேசிய குரல்: "வருஷக்கணக்கா ஓடாத மெஷின். உள்ளே சிக்கியிருந்த நூலும் ஒடிஞ்ச ஊசியும் வெளியே வந்தாச்சு. ஊசி இப்போ ஏறி இறங்குது. துணிதான் நகர மாட்டேங்குது." பதின்மூன்று விநாடியில் முடிந்தது. நெம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்கதையில் விடையின் வாசனைகூட அடிக்கக் கூடாது.

குரலைப் புதிதாகப் பதியச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய காட்சிகளை அவற்றின் ஒலியோடு ஒட்டினால் பின்னணி இசை துண்டுக்குத் துண்டு அறுந்து குதிக்கும். இசை கலந்து முடித்த கோப்பை வெட்டும்போது எபிசோடின் முடிவிலும் இதே கதிதான், பாட்டின் நடுவில் கழுத்தைப் பிடித்தது போல நிற்கும். எடிட்டிங் புராஜெக்ட் கையில் இருந்தால் இசைத் தடத்தை அணைத்துவிட்டு வெட்டி, ஒவ்வொரு எபிசோடுக்கும் இசையைத் தனியாகப் போடுங்கள்.

நீள வீடியோவில் பேசிய சில வாக்கியங்களும் துண்டானதும் பொய்யாகிவிடும். "கொஞ்ச நேரத்துல காட்டுறேன்", "முன்னாடி சொன்னேன்ல", "இந்த வீடியோ கடைசியில". வசனத்தை எழுத்தாக்கி இந்தச் சொற்களைத் தேடி, வெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதைச் சுட்டுகிறவற்றை நீக்குங்கள். நீக்க முடியாத இடத்தில் 'இரண்டாவது பகுதியில்' என்று ஒரு வரி குரல் போட்டால் போதும்.

கடைசி இருபது விநாடிக்கு வருவோம். அடுத்த வீடியோவுக்கான கட்டங்கள் தோன்றும் முடிவுத் திரையை யூடியூபில் 5 முதல் 20 விநாடி வரை வைக்கலாம். அந்தக் கட்டங்கள் தோன்றினாலே முடிந்துவிட்டது என்று கை தானாக நகரும். ஆகவே சுருண்ட நூலைக் காட்டி முடித்து, ஒரு விநாடி மௌனம் விட்டு, அதன் பிறகே அவை வர வேண்டும். அதற்கென்று எட்டு விநாடி அசையாத காட்சி, ஒரு பக்கம் காலியாக, எடுத்து வையுங்கள். நூலைக் காட்டியதும் லைக், ஷேர், நன்றி என்று பேசத் தொடங்கினால் கட்டிய முடிச்சை நீங்களே அவிழ்க்கிறீர்கள். 'அடுத்த பகுதியில்' என்று போடும் குட்டி டிரெய்லரும் எனக்கு உடன்பாடில்லை. அதில் மெஷின் ஜோராகத் தைப்பதைக் காட்டிவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பதில் என்ன நியாயம்?

எண் விஷயம் சுருக்கமாக. '4/5' என்று மொத்தத்தையும் சேர்த்துப் போடுவது நல்லது, எங்கே முடியும் என்று தெரிந்தால் ஆரம்பிக்கத் தயங்க மாட்டார்கள். தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் மட்டும் எண்ணைப் போடாதீர்கள், வீடியோவின் நீளத்தைக் காட்டும் பட்டை அதை மூடிவிடும். தலைப்பில் அந்த எபிசோடின் கேள்வி முதலில், எண் பின்னால். இன்னொன்று: ஏற்றிய வீடியோவின் கோப்பை யூடியூபில் மாற்ற முடியாது. ஆறு என்று நினைத்தது ஐந்தாகிவிட்டால் தலைப்பைத் திருத்தலாம், காட்சிக்குள் பதித்த '2/6' அப்படியேதான் நிற்கும். எனவே ஐந்தையும் வெட்டி முடித்த பிறகே முதலாவதை வெளியிட வேண்டும்.

79-வது நிமிடத்துக்கு மேல் வரும் பெயின்ட் வேலையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பதின்மூன்று நிமிடம், பார்க்க அழகு, ஆனால் ஒரு கேள்வியும் இல்லை. அதைத் தனி எபிசோடாக்கினால் தொடர் ஈரப் பட்டாசாக முடியும். நான்கு நிமிடமாகக் குறைத்து ஐந்தாவதின் வாலில் சேர்த்துவிடலாம். அந்த எபிசோடுக்குக் கொக்கி தேவையில்லை, மெஷின் தைத்துவிட்டது.

வெட்டு சரியா என்பதைப் பார்வை எண்ணிக்கையில் தேடினால் ஏமாறுவீர்கள். தேடலில் தற்செயலாக வந்தவர்கள் முதல் பகுதியில்தான் குவிவார்கள், இரண்டாவதில் விழுவது இயல்பு. இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து நான்குக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று, வெளியான பின் அதே அளவு நாட்களை வைத்து ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு எபிசோடின் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைத் திறங்கள். முன்கதை ஓடும்போதே கோடு சரிந்தால் அது நீளம். விடை வந்த கையோடு செங்குத்தாக விழுந்தால் விடை சீக்கிரம் வந்துவிட்டது, அல்லது அதற்குப் பிறகு புதிதாக எதுவும் திறக்கவில்லை. நான்காவது பகுதியைக் கடைசி வரை பார்த்தவர்கள் ஐந்துக்கு வரவில்லை என்றால் 58:40 வெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படிப் பிய்க்கவும் கூடாது. பாடம், மென்பொருள் விளக்கம், ஏதோ ஒரு படியை மட்டும் தேடி வருகிறவருக்கான வீடியோ என்றால் எபிசோட் அவருக்கு இம்சை. அங்கே ஒரே வீடியோவாக வைத்து, விளக்கக் குறிப்பில் 0:00-ல் தொடங்கி நேரக் குறிகள் போடுங்கள். குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொரு குறியின் பகுதியும் பத்து விநாடியாவது நீள வேண்டும். தையல் மெஷினில் நெம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தவரை நான்கு எபிசோட் அலையவிடாதீர்கள்.