இரண்டரை மணி நேரம் கேட்டதற்கு இவ்வளவா?

காய்ச்சல் வந்து படுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். "உடம்பு சரியில்லை, வரமாட்டேன்" என்று காலையில் ஒரு வாட்ஸ்அப் தட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டால் இரண்டு நாள் முழுச் சம்பளத்தோடு ஓடிவிடும், ஒரு துண்டுச் சீட்டு கூட யாரும் கேட்க மாட்டார்கள். நான் என்ன செய்தேன்? நல்ல உடம்போடு, ஒரு வாரம் முன்னதாக, மரியாதையாக மின்னஞ்சல் எழுதி, புதன்கிழமை காலை இரண்டரை மணி நேரம் கேட்டேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும், குளிர்காலம் வருவதற்குள் ஃப்ளூ ஊசியும் போட வேண்டும். டர்பனில் நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத குடும்பத்தை விரல் விட்டு எண்ணலாம், அதனால் டாக்டர் வருடா வருடம் பார்க்கச் சொல்கிறார். அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஹெச்.ஆர். அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "இது எந்த வகை லீவ்?"

சிக் லீவ் என்றேன். "உங்களுக்கு என்ன நோய்?" நோய் இல்லை மேடம், வராமல் இருக்கத்தான் போகிறேன். "நோய் இல்லையென்றால் சிக் லீவ் கிடையாது." சரி, போய் வந்ததற்குச் சான்று தருகிறேன் என்றேன். பார்மசி கிளினிக் சிஸ்டர் இன்னாரை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பார்த்தேன் என்று எழுதித் தருவார். "அது வந்து போன சீட்டு. வேலை செய்ய முடியாத நிலையில் இருந்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும்." நல்லா இருக்கிற மனுஷனை முடியாதவன் என்று எந்த டாக்டர் எழுதித் தருவார்? எழுதினால் அது பொய்ச் சான்று, அவருடைய பதிவுக்கே ஆபத்து. ஆக, உண்மையைச் சொன்னவனுக்கு லீவ் இல்லை, பொய்ச் சீட்டு கொண்டுவந்தால் உண்டு. இதைக் கேட்டுவிட்டு நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், பக்கத்து மேசை அக்கா "ஏன்பா, பிரஷர் ஏறிடுச்சா?" என்று கேட்டார். அதைத்தானே அக்கா பார்க்கப் போகிறேன் என்கிறேன்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த அம்மா சொன்னது சட்டப்படி தப்பில்லை. தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் வருட அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். 36 மாதச் சுற்று ஒன்றில், ஆறு வாரத்தில் நாம் எத்தனை நாள் வேலை செய்வோமோ அத்தனை நாள் சிக் லீவ். வாரம் ஐந்து நாள்காரனுக்கு 30. ஆனால் அது நோய் அல்லது காயத்தால் வேலை செய்ய முடியாதவனுக்கு. தொடர்ந்து இரண்டு நாளைத் தாண்டினாலோ, எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வராமல் இருந்தாலோதான் முதலாளி சான்றிதழ் கேட்டு, கொடுக்காவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கலாம். வருடாந்திரப் பரிசோதனை, தடுப்பூசி என்று தனியாக ஒரு வரி கூட அதில் இல்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், கம்பெனி அதற்கு மேல் கொடுத்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. அதனால் எங்கள் கம்பெனியின் கொள்கைப் புத்தகத்தையும் புரட்டினேன். "மருத்துவச் சந்திப்புகளுக்கான நேரம் மேலாளரின் முடிவுக்கு உட்பட்டது." வந்ததே கோபம். அப்படியென்றால் மேலாளரிடமே போய்விடுகிறேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "லஞ்ச் டைம்ல போயிட்டு வாங்களேன்." ஐயா, முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவன் மதியம் ஒரு மணி வரை பட்டினியாகக் கிடந்து, துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் காகிதங்களில் ஒரு எண் தப்பாமல் அடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் போதும் என்றுதான் காலையில் முதல் ஆளாகப் போகச் சொல்கிறார்கள். ஊசி போட்டபின் ஏதாவது ஒவ்வாமை வருகிறதா என்று கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள், அதையும் லஞ்சில் சேர்த்தால் நான் சாப்பிடுவது எப்போது? சனிக்கிழமை போகலாமே என்றார். ஃப்ளூ ஊசி சீசனில் சனிக்கிழமை அந்தச் சிஸ்டரிடம் இடம் கிடைப்பது சாமி புண்ணியம், ரத்தம் எடுக்கும் இடமோ மதியத்தோடு மூடிவிடும். அவருக்கு இதெல்லாம் தெரியாது, அவர் எங்கே வரிசையில் நின்றிருக்கிறார்.

கடைசியில் அருள்பாலித்தார்: ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் மென்பொருளில் அரை நாளுக்குக் குறைந்து போட முடியாது. இரண்டரை மணி கேட்டவனுக்கு நாலு மணி போகும். காலை சீக்கிரம் வந்து, மாலை கூட இருந்து நேரத்தை ஈடு செய்கிறேன் என்றேன், அதற்குக் கட்டம் இல்லையாம். ஐந்து நாள் வேலைக்காரனுக்குச் சட்டப்படி வருடத்துக்குக் கிடைப்பதே 15 வேலை நாள். தீபாவளிக்கு இந்த நாட்டில் பொது விடுமுறை கிடையாது, காவடிக்கும் கிடையாது, இரண்டும் அந்தப் பதினைந்துக்குள்தான். இப்போது என் கொழுப்பும் அதற்குள்.

கிடங்கில் வேலை செய்யும் அண்ணா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்களுக்கு காது டெஸ்ட் கம்பெனியே வச்சு, கம்பெனி நேரத்துலயே எடுக்கறாங்களே தம்பி." ஆமாம், 85 டெசிபல் சத்தத்தில் நிற்பவர்களின் காதைப் பரிசோதிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று தனி விதி இருக்கிறது. மெஷின் கெடுக்கும் காதுக்குச் சட்டம் உண்டு. நாள் முழுக்க உட்கார வைத்துக் கெடுக்கும் ரத்தத்துக்கு இல்லை.

இதே கம்பெனி 2021இல் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கொரோனா ஊசிக்குச் சம்பளத்தோடு நேரம் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை உத்தரவு போட்டது. அப்போது எங்களை வரிசையாக அனுப்பி, கையில் பஞ்சோடு போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எவரும் "உங்களுக்கு என்ன நோய்" என்று கேட்கவில்லை. 2022இல் கொரோனா விதிகளை எல்லாம் சுருட்டி எடுத்தபோது அந்த உத்தரவும் போயிற்று, கூடவே அந்த அக்கறையும். ஃப்ளூ வைரஸ் வருடா வருடம் உருமாறுகிறது, ஊசியும் வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும், போட்டபின் பலன் பிடிக்கவே இரண்டு வாரம் ஆகும். இதற்கு யார் உத்தரவு போடுவது?

இன்று காலை எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பியது அதே ஹெச்.ஆர். அம்மா. தலைப்பு "உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்". அடுத்த மாதம் ஆரோக்கிய தினமாம், பார்க்கிங்கில் கூடாரம் போட்டு, வருகிறவர்களுக்கு ஒரு ஆப்பிளும் ஒரு பிரஷர் ரீடிங்கும். நேரம் என்ன என்று பார்த்தேன். லஞ்ச் டைம்.

சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய. அரை நாளே போட்டுவிட்டேன். மிச்சமுள்ள ஒன்றரை மணி நேரத்தில் பர்கர் கடை வாசலில் நின்று எல்லா எண்ணையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அப்புறம் இன்னொன்று, இதைப் படிக்கும் ஆபீஸ்காரர்கள் யாராவது இருந்தால்: ஃபிரிட்ஜில் இரண்டாம் தட்டில் இருந்த மாங்காய் அச்சார் பாட்டில், மேலே கொட்டை எழுத்தில் என் பெயர் ஒட்டியது, யார் எடுத்தது? அதற்கும் மேலாளரின் அனுமதி வாங்கினீர்களா?