பெரியம்மா கணவர் பெரியப்பாதான்

நேற்று நான் போட்ட விடைத்தாள் படத்துக்குக் கீழே நடந்த சண்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அம்மாவுடைய அக்காவின் கணவர்?" என்ற கேள்விக்கு என் மகள் 'பெரியப்பா' என்று எழுதினாள். மிஸ் அதை அடித்துவிட்டு 'மாமா' என்று திருத்தியிருக்கிறார். வந்தவர்களில் பாதிப் பேர் மிஸ் பக்கம். அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிள்ளை எழுதியதுதான் சரி.

பள்ளியில் கொடுத்த அட்டவணையிலேயே தப்பு தொடங்குகிறது. அப்பா வழி என்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை. அம்மா வழி என்று பெரியம்மா, சித்தி, மாமா. கூடப் பிறந்தவர்களோடு அட்டவணை முடிந்துவிட்டது. அவர்களைக் கட்டியவர்கள் எங்கே? நம் முறைப்படி அப்பாவோடு பிறந்த ஆண் அப்பா முறை, அம்மாவோடு பிறந்த பெண் அம்மா முறை. அப்பா முறைக்கு வருபவரின் மனைவி அம்மா முறை, அம்மா முறைக்கு வருபவரின் கணவர் அப்பா முறை. ஆகவே பெரியப்பா மனைவி பெரியம்மா, பெரியம்மா கணவர் பெரியப்பா. சித்தப்பாவும் சித்தியும் அப்படியே. அப்பாவோடு பிறந்த பெண்ணும் அம்மாவோடு பிறந்த ஆணும்தான் அத்தை, மாமா. அத்தை கணவர் மாமா, மாமா மனைவி அத்தை. இந்த ஆறு பெயரும் அப்பா வழியிலும் உண்டு, அம்மா வழியிலும் உண்டு.

சந்தேகம் இருந்தால் பிள்ளைகளை வைத்துப் பாருங்கள். பெரியம்மா மகன் எனக்கு அண்ணனோ தம்பியோதான், இதில் யாருக்கும் சண்டை இல்லை. மாமா மகன் எனக்கு முறைப்பையன், கட்டிக்கொள்ளும் முறை. இப்போது பெரியம்மா கணவரை மாமா என்று திருத்துங்கள். அதே பையன் அம்மாவைக் கேட்டால் அண்ணன், அப்பாவைக் கேட்டால் மாப்பிள்ளை முறை! எந்த வீட்டில் இது நடக்கும்?

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். அக்கா கணவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன், சில வீடுகளில் அத்தான் என்பார்கள். வீட்டில் நாள் முழுக்க அதைக் கேட்கிற குழந்தையும் மாமா என்றே கூப்பிடத் தொடங்கிவிடும். ஆனால் அது எனக்கு முறை, அவளுக்கு இல்லை. என் மகள் அதைப் பிரித்து, சரியாக எழுதினாள். அதற்குத்தான் தப்புக் குறி.

"ஊருக்கு ஊர் மாறும், இதில் சரி தப்பு கிடையாது" என்று ஒருவர் வந்தார். கூப்பிடும் பெயர் மாறும், ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தங்கையும் மாமி, மாமாவின் மனைவியும் மாமி. கொங்குப் பக்கம் அம்மாவின் அப்பா அப்புச்சி. முஸ்லிம் வீடுகளில் சித்தப்பாவைச் சாச்சா என்பார்கள். பெயர்தான் வேறு, யாரோடு யாரைச் சேர்ப்பது என்பது மாறவில்லை. சாச்சா மகளும் தங்கைதான். நிஜமாகவே சிக்கலாகிற இடம் ஒன்று உண்டு. பெரியம்மா தன் சொந்தத் தாய்மாமனையே கட்டியிருந்தால், அவர் எனக்குப் பாட்டியின் தம்பி, தாத்தா முறை. பெரியம்மா வழியில் பெரியப்பா. அங்கே வீட்டார் பேசி ஒன்றை வைத்துக்கொள்வார்கள். அப்போதும் அவர் மாமா ஆவதில்லை.

"முறைக் கல்யாணமே வேண்டாம் என்கிற காலத்தில் முறை எதற்கு?" சொந்தத்தில் கட்ட வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். கட்டுவதற்கு மட்டுமா முறை? அங்கிள் என்று முடித்துக்கொள்ளுங்கள் என்றும் ஒருவர் எழுதினார். பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள், ஆட்டோக்காரரும் அங்கிள். என்னை வளர்த்தவரும் அங்கிளா?

என் கல்யாணத்தின்போது அப்பா இல்லை. பெரியம்மாவும் பெரியப்பாவும்தான் தாரை வார்த்தார்கள். அம்மாவின் அக்காவைக் கட்டியவர், எங்கள் ரத்தம் இல்லை. அன்று அவர் கை நடுங்கியது, தண்ணீர் பாதி என் புடவையில் சிந்தியது. அந்தப் பந்தலில் ஒருவர்கூட "இவர் எப்படிப் பெண்ணின் அப்பா இடத்தில்?" என்று கேட்கவில்லை. பெரியப்பா என்றால் அப்பாதானே. முறை தெரிந்தவர்கள் நிறைந்த பந்தல் அது.

அவர் போன அன்று அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன். "யார்?" என்றார்கள். பெரியம்மா வீட்டுக்காரர் என்றேன். "ஓ, தூரத்துச் சொந்தமா? அரை நாள் போதுமா?" என்றார்கள். பெரியப்பா என்றேன். "அப்பாவின் அண்ணனா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.