கரண்ட் பில் கட்டியும் பாக்கி எண்டு வந்த கதை

போன செவ்வாய்க்கிழமை காலமை மீற்றர் வாசிக்கிற தம்பி வந்து கையில இருக்கிற மெசினில பில்லை அடிச்சுக் குடுத்திட்டுப் போனார், அம்மா பாத்திட்டு ஒரே சத்தம், 9,980 ரூபா. நான் வெள்ளி இரவே போனில இருக்கிற ஒரு அப்பால 4,860 கட்டீட்டன், "Payment Successful" எண்டு பச்சை டிக்கும் வந்தது, பாங்கிலயும் காசு கழிஞ்சிட்டுது. பிறகெப்பிடி பழைய பாக்கி 4,860, இந்த மாசம் 5,120 எண்டு கூட்டி வரும்?

விசயம் என்னெண்டா அந்தப் பச்சை டிக் சொல்லுறது எங்கட காசு அப்காரரிட்டப் போய்ச் சேந்திட்டுது எண்டு மட்டும்தான். பில் கணக்கில ஏறினது எண்டு அதுக்கு அர்த்தமில்லை. அண்டண்டைக்குச் சேந்த கட்டணங்களை கணக்கு இலக்கம், தொகை, கட்டின திகதி, ரெபரன்ஸ் நம்பர் எண்டு ஒரு லிஸ்டாப் போட்டு அப்காரர் கரண்ட்காரருக்கு அனுப்புவினம், அங்க அதை ஏத்தினாப் பிறகுதான் எங்கட பாக்கி குறையும். சில அப் நேரடியா இணைஞ்சிருக்கும், அதில நிமிசக்கணக்கில ஏறிடும். என்ரை அது லிஸ்ட் அனுப்புற சாதி. வெள்ளி இரவு கட்டினா சனி ஞாயிறு லீவு, திங்கள் போயா, அப்ப செவ்வாய்தான் லிஸ்ட் போகும், புதன்தான் ஏறும். மீற்றர்காரற்ரை மெசினிலயும் காலமை ஏத்திக்கொண்டு வந்த பாக்கிதான் இருக்கும், அந்தாள் எங்கட வாசல்ல நிண்டு ஒண்டும் செய்யேலாது. அவரோட சண்டை பிடிக்காதேங்கோ பாவம்.

எனக்குக் கோவம் அப்காரரிலதான். ஏற ரெண்டு மூண்டு வேலைநாள் பிடிக்கும் எண்டு அந்தப் பச்சை டிக்குக்குக் கீழ ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

நீங்கள் பாக்க வேண்டியது, ரசீதில இருக்கிற கணக்கு இலக்கமும் பில்லில இருக்கிறதும் ஒண்டுதானோ எண்டு. ஒரு இலக்கம் மாறினாலும் காசு வேற ஆற்றையேன் பில்லுக்குப் போயிடலாம், அப்பிடிப் போனா அது எத்தினை நாள் காத்திருந்தாலும் உங்கட கணக்கில ஏறாது, உடன சொல்லோணும். "Pending" எண்டு கிடந்தா அது வேற கதை, காசு திரும்பி வரவும் கூடும், அவசரப்பட்டுத் திருப்பிக் கட்டாதேங்கோ. இலக்கம் சரி, காசும் கழிஞ்சிருக்கு எண்டா, பில்லில இருக்கிற மொத்தத்தில கட்டினதைக் கழிச்சிட்டு மிச்சத்தைக் கட்டினாச் சரி. அப்பவும் நாலைஞ்சு வேலைநாளில ஏறாட்டி ரெபரன்ஸ் நம்பரோட முறைப்பாடு குடுங்கோ, வெறும் ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினா தேடுறது கஷ்டம்.

இதெல்லாம் நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தி முடிக்க முந்தி, அவ லைனை வெட்டிப்போடுவாங்கள் எண்ட பயத்தில பக்கத்துக் கடையில 9,980ஐயும் முழுசாக் கட்டிப்போட்டு வந்து நிக்கிறா. புதன்கிழமை என்ரை 4,860 ஏறிச்சுது, இப்ப எங்கட கணக்கில அவ்வளவும் கூடுதலாக் கிடக்கு. அடுத்த மாசம் பில்லில கழியும், அதுவரைக்கும் கரண்ட்காரருக்கு நாங்கள் கடன் குடுத்திருக்கிறம்.