வரிக்குதிரைப் படம் மட்டும் போதாது

கொடைக்கானலில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. கடல்தளம் விரிகிறது என்ற பாடம் வந்தாலே வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைக் காந்தப் பட்டைகளைக் கடலடி மலைத்தொடரான ஒரு முகட்டின் இரண்டு பக்கமும் வரைந்து, "இதுவே சான்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பட்டைகள் மட்டும் எதையும் நிரூபிக்கவில்லை. அந்தப் பட்டைகளின் அகலம் கிலோமீட்டரில் எவ்வளவு, நிலத்தில் கிடைத்த எரிமலைப் பாறைகளின் வயது எவ்வளவு, இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியதுதான் நிரூபணம். அதைத்தான் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் பட்டை என்றால் என்ன என்று பார்ப்போம். கப்பல் அதன் மேலே போகும்போது திசைகாட்டி முள் திரும்பாது. பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், படம் அப்படி நினைக்க வைக்கிறது. கப்பலுக்குப் பின்னால் நீளமான கம்பியில் ஒரு காந்தமானியைக் கட்டி இழுத்துப் போவார்கள், அது காந்தப் புலத்தின் வலிமையை மட்டும் அளக்கும். மொத்தம் 40,000, 50,000 நானோடெஸ்லா இருக்கும் இடத்தில் சில நூறு கூடும், சில நூறு குறையும், ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கூடிய இடத்தைக் கறுப்பாகவும் குறைந்த இடத்தை வெள்ளையாகவும் வரைந்தால் பட்டைகள் தெரியும். 1955இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி பயனியர் என்ற கப்பல் இப்படி அளந்தது, மேசனும் ராஃபும் 1961இல் அந்த வரைபடத்தை வெளியிட்டார்கள். படம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் அது எதனால் அப்படி இருக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. வெறும் படம் போதாது என்பதற்கு இதுவே போதும்.

விளக்கம் பிறந்தது நம் பக்கத்துக் கடலில் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதில்தான் எனக்கு அதிக வருத்தம். அரபிக்கடலுக்குத் தெற்கே கார்ல்ஸ்பெர்க் முகடு இருக்கிறது. 1962இல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் அங்கே அளவெடுத்தது. கேம்பிரிட்ஜில் மேத்யூஸும் அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபிரெட் வைனும் அந்த அளவுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே கடலடியில் தனித்தனியாக நிற்கும் இரண்டு மலைகள். ஒன்றின் பாறை இன்றைய காந்தத் திசையிலேயே காந்தமேறியிருந்தது, இன்னொன்று நேர் எதிர்த்திசையில். அதிலிருந்துதான் 1963 செப்டம்பரில் வெளிவந்த அவர்களுடைய கருத்து: முகட்டின் நடுவில் பாறைக்குழம்பு மேலேறி ஆறும்போது அந்தக் காலத்துக் காந்தத் திசை பாறையில் பதிகிறது, பிறகு அந்தத் தளம் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் விலகுகிறது, இடையில் பூமியின் புலம் புரண்டுவிட்டால் அடுத்து வரும் பாறையில் எதிர்த்திசை பதியும். இதே கருத்தை அதே ஆண்டு கனடாவின் லாரன்ஸ் மோர்லியும் எழுதி அனுப்பினார், இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊருக்கு நெருங்கிய இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. கொடைக்கானல் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட படுத்தே நிற்கும். கார்ல்ஸ்பெர்க் பக்கமும் அப்படித்தான். புலம் கிடைமட்டமாக இருக்கும் இடத்தில், இன்றைய திசையில் காந்தமேறிய பாறை தனக்கு மேலே உள்ள புலத்தைக் கூட்டாது, குறைக்கும். ஐஸ்லாந்துப் பக்கத்தில் முகட்டின் நடுவே அளவு கூடும், இங்கே குறையும். "கறுப்பு என்றால் இன்றைய திசை" என்று மனப்பாடம் செய்த பிள்ளை இந்துமாக்கடல் அளவைப் பார்த்தால் எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்துவிடும்.

சரி, 1963லேயே எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை, அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. புலம் புரண்டது என்பதே உறுதியாகவில்லை. ஜப்பானில் ஹருனா மலைப் பாறையை ஆய்வகத்தில் சூடாக்கி ஆறவிட்டபோது, அது சுற்றியுள்ள புலத்துக்கு எதிர்த்திசையில் தானாகவே காந்தமேறியது. அப்படியென்றால் எதிர்த்திசைப் பாறைகள் எல்லாமே கனிமத்தின் கோளாறாக இருக்கலாமே! இதைத் தீர்க்க நிலத்தில் வேலை நடந்தது. அமெரிக்காவில் காக்ஸ், டோயல், டால்ரிம்பிள் மூவரும், ஆஸ்திரேலியாவில் மெக்டூகலும் டார்லிங்கும் எரிமலைப் பாறைகளின் வயதைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் கண்டுபிடித்து, கூடவே காந்தத் திசையையும் அளந்தார்கள். எங்கே எடுத்தாலும் ஒரே வயதுப் பாறைக்கு ஒரே திசை. அதை வைத்து எந்தக் காலத்தில் எந்தத் திசை என்று ஒரு அட்டவணை போட்டார்கள். கனிமக் கோளாறு என்றால் கண்டம் விட்டுக் கண்டம் ஒரே நேரத்தில் வராது.

ஆனாலும் இடித்தது. 1965இல் வைனும் டூசோ வில்சனும் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹுவான் டி ஃபூக்கா முகட்டின் பட்டைகளை அந்தக் கால அட்டவணையோடு ஒப்பிட்டபோது, தளம் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் விரிந்ததாக வைத்துக்கொண்டால்தான் பொருந்தியது. அந்த ஆண்டுக் கடைசியில் டால்ரிம்பிள் வைனிடம் ஒரு புதுச் செய்தி சொன்னார்: நியூ மெக்சிகோவில் ஜாரமிலோ ஓடைப் பக்கத்துப் பாறையில், ஏறக்குறைய பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் புலம் கொஞ்ச காலம் இன்றைய திசைக்கு வந்துவிட்டுத் திரும்பப் புரண்டிருக்கிறது. அதை அட்டவணையில் சேர்த்ததும் வேகம் சீராகிவிட்டது. கடலுக்குப் போகாதவர்கள் நிலத்தில் கண்ட ஒரு சின்னத் துண்டுக் காலம் கடலடியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் நிரூபணம் என்று சொல்வது இதை.

அப்புறம் 1966இல் வந்தது தென் பசிபிக்கில் எல்டானின் கப்பல் எடுத்த 19ஆம் பயண அளவு. பிட்மேனும் ஹெர்ட்ஸ்லரும் அந்த அளவு வரைகோட்டை இடம்வலமாகப் புரட்டிப்போட்டு அதன்மேலேயே வைத்தார்கள், இடமும் வலமும் சின்ன மேடுபள்ளம் வரை ஒத்துப்போயின. அங்கே ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 4.5 செ.மீ. விலகுகிறது, அதாவது பத்து லட்சம் ஆண்டுக்கு 45 கி.மீ. இன்றைய வயதுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாகப் புலம் புரண்டது 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அந்த எல்லை முகட்டிலிருந்து 35 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒரு பெரிய புரட்டல் 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அந்த எல்லை 116 கி.மீ. தள்ளி. ஜாரமிலோ நீடித்தது ஏறக்குறைய 80,000 ஆண்டுகள், ஆக 3.6 கி.மீ. அகலத்தில் ஒரு ஒல்லிப் பட்டை 45 கி.மீ. பக்கத்தில் தெரிய வேண்டும். தெரிந்தது, இரண்டு பக்கமும் தெரிந்தது.

கார்ல்ஸ்பெர்க்கில் இதை ஏன் பார்க்க முடியவில்லை என்று போன வாரம் ஒரு பிள்ளை கேட்டாள், நல்ல கேள்வி. அங்கே ஒரு பக்கம் விலகும் வேகம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதே 80,000 ஆண்டுகளுக்கு அங்கே கிடைப்பது ஒரு கி.மீ. பட்டை. காந்தமானியோ அதற்கு மூன்று கி.மீ. மேலே, தண்ணீர்ப்பரப்பில் போகிறது. கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே பார்த்தால் பெரிய தோப்பு தெரியும், வரப்பு தெரியாதே, அப்படித்தான். தூரத்தைவிட ஒல்லியான பட்டை பக்கத்துப் பட்டையோடு கலந்து மங்கிவிடும். காந்தமானியைத் தளத்துக்குப் பக்கத்தில் இறக்கி இழுத்தால் கொஞ்சம் தெளியும். இல்லையென்றால் எல்டானின் போன இடம் மாதிரி வேகமாக விரியும் முகட்டுக்குத்தான் போக வேண்டும்.